6500 ரூவா போச்சு, பெருவிரலும் வீங்கிப் போச்சு: படத்தப் பாத்து டாரன்டுலா வாங்காதீங்க

கை வீக்கம் இன்னும் வடியல, அதுக்குள்ள எழுதிருதேன், இல்லன்னா கோவம் ஆறிப்போயி நானும் சும்மா இருந்துருவேன். 6500 ரூவா மக்களே. ஒரு எட்டுக்கால் பூச்சிக்கி. எங்க ஆச்சி கேட்டா, "ஏல, புளியமரத்துல கெடக்கத விட்டுட்டு இதுக்குப் போயி துட்டு குடுத்தியால"ன்னு. அவ வாய்க்கி வந்தத சொன்னா, ஆனா அது எவ்வளவு சரின்னு பின்னாடி சொல்லுதேன்.

நான் பாளையங்கோட்டை, செல்போன் சர்வீஸ் கடையில வேல. வீட்டுல மூணு மீன் தொட்டி இருக்கு, அதுல இருந்து புத்தி தாவி தாவி டாரன்டுலா வரைக்கும் வந்துட்டு. ஒரு வருசமா வீடியோ பாத்து பாத்து மெக்சிகன் ரெட் நீ ஒண்ணு வாங்கணும்னு ஆச. கருப்பு உடம்பு, கால் முட்டியில மட்டும் ஆரஞ்சு கலர்ல மருதாணி வச்ச மாதிரி இருக்கும்லா, அது. சாது, மெதுவா நடக்கும், பொம்பள சிலந்தின்னா இருபது வருசத்துக்கு மேல கெடக்கும்.

செல்லப்பிராணி விக்கிற ஒரு மெசேஜ் குரூப்ல ஒருத்தன் படம் போட்டான். கடை பேரு, ஆள் பேரு எதுவும் நான் இங்க போடல. "ரெட் நீ, பீமேல், நாலு இஞ்ச், கையில வச்சி விளையாடலாம், 6500"ன்னு போட்டிருந்தான். நான் உடனே துட்டு அனுப்பல, அவ்வளவு முட்டாள் இல்ல. வீடியோ கால் கேட்டேன். வந்தான். உள்ளங்கையில ஒரு ரெட் நீ மெதுவா நடந்து போவுது, பக்கத்துல அவன் மவ சின்னப் புள்ள உக்காந்து சிரிக்கி. "பாருங்க ப்ரோ, என் பொண்ணே தொடுவா"ன்னான். அந்தப் புள்ள சிரிப்புலதான் நான் விழுந்தேன். அது வீடியோ காலா, இல்ல எவனோ எடுத்த வீடியோவ ஓடவிட்டு காட்டுனானான்னு இப்பதான் சந்தேகம் வருது, ஏன்னா நான் கேட்ட ஒரு கேள்விக்கும் அந்தப் புள்ள திரும்பிப் பாக்கல. அப்ப தோணல. 6500ம் ஒரே தடவையில யுபிஐல போட்டு விட்டேன்.

மூணாம் நாள் காலையில ஆம்னி பஸ் பார்சல்ல வந்துட்டு. மேல "மீன் தீவனம்"னு எழுதியிருந்தான். அப்பவே மணி அடிச்சிருக்கணும், சவம் அடிக்கல.

அவன் சொன்னபடியே தரைச் சிலந்திக்கி வீடு ரெடி பண்ணி வச்சிருந்தேன். அகலமான, உயரம் கம்மியான கண்ணாடித் தொட்டி, நாலு இஞ்சுக்கு தேங்காநார்த் தூள், ஒதுங்குறதுக்கு பாதி சிரட்டை, மேல திறக்கிற மூடி. ரெட் நீக்கி அது சரிதான். ரொம்ப உயரத்துல இருந்து விழுந்தா அதுக்கு வயிறு பிஞ்சிரும், அதனாலதான் தொட்டி தாழ்வா இருக்கணும்.

ராத்திரி எட்டு மணிக்கி டப்பாவத் திறந்தேன். உள்ள ஈர டிஷ்யூ, அதுக்குள்ள சாம்பக் கலர்ல ஒண்ணு தட்டையா கால விரிச்சிக்கிட்டு ஒட்டிக் கெடக்கு. கலர் இல்லியேன்னு பாத்தேன். டிஷ்யூவ லேசா இழுத்ததும் முன்னங்கால் ரெண்டையும் தூக்குச்சி, அடியில பளிச்சுன்னு மஞ்சள். "ஆங், இதுதான் அந்த முட்டிக் கலரு"ன்னு நான் சந்தோசப்பட்டேன். இதப் படிக்கிற விசயம் தெரிஞ்சவங்க தலையில அடிச்சிக்கிடுவீங்க. ரெட் நீக்கி கலரு முட்டிக்கி மேல, நிக்கும்போதே தெரியும். இதுக்கு மஞ்சள் காலுக்கு அடியில, கால தூக்குனாத்தான் தெரியும், அதையும் தூக்குறது "கிட்ட வராத, கடிச்சிருவேன்"னு சொல்லுறதுக்கு. நான் அத வணக்கம் சொல்லுதுன்னு எடுத்துக்கிட்டேன்.

அவன் சொன்ன மாதிரி பின்னால விரல வச்சி மெதுவா தள்ளுனேன். கண்ண மூடித் திறக்கல, முழங்கை வரைக்கும் ஓடியாந்துட்டு. உதறுனேன், இறங்கிற வழியில பெருவிரல் அடியில ஒரு கடி. நேரா தொட்டிக்குள்ள பாஞ்சி அடுத்த நொடி மேல மூடியில தலைகீழா ஒட்டிக்கிட்டு. சிரட்டையத் திரும்பிக்கூட பாக்கல. மேல மூடி உள்ள தொட்டியில மேலேயே உக்காருற சிலந்தின்னா எப்படி திறக்கது? திறந்தா அது வெளிய. ரெண்டு செங்கல்ல மூடி மேல தூக்கி வச்சிட்டு ஆஸ்பத்திரிக்கி ஓடுனேன்.

கடிச்ச எடம் தீய வச்ச மாதிரி எரிச்சல், அரைமணி நேரத்துல மணிக்கட்டு வரைக்கும் வீக்கம். டாக்டரம்மா என்ன கடிச்சதுன்னு கேட்டாவ, நானும் தைரியமா "மெக்சிகன் ரெட் நீ"ன்னு சொன்னேன். அவங்க பாவம் அதுக்கு ஏத்த மாதிரி, பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு ஊசி போட்டு ராத்திரியே அனுப்பிட்டாவ. ரெண்டாம் நாள் ராத்திரி கெண்டக்கால் ரெண்டும் முறுக்கி இழுக்க ஆரம்பிச்சிட்டு, அப்புறம் தோள்பட்ட, தாடை. நான் சாவப் போறேன்னே நெனச்சேன். மறுபடி ஓடுனோம், இந்தத் தடவ படுக்க வச்சிட்டாவ.

காலேஜ்ல விலங்கியல் பாடம் எடுக்கிற ஒரு சார் எங்க கடைக்கி போன் கொண்டு வருவாவ, அவங்களுக்கு ஆஸ்பத்திரியில இருந்தே படம் அனுப்புனேன். அஞ்சு நிமிசத்துல போன் அடிச்சாவ. "தம்பி, இது மெக்சிகோ இல்ல. நம்ம ஊரு மரத்துப் பொந்துல கெடக்க சாதி, பொய்சிலோதீரியா. முதல்ல டாக்டர்ட்ட இந்தப் பேரச் சொல்லு"ன்னாவ. எப்படி சார் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டதுக்கு, தட்டையா மரத்தோட ஒட்டுற மாதிரி படுத்திருக்கு, காலு நீளம், வயித்து மேல இலை மாதிரி டிசைன், முன்னங்கால் அடியில மஞ்சள் கருப்பு பட்டைன்னு வரிசையா சொன்னாவ. எந்த இனம்னு மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாவ, அதுக்கு முன்னங்கால் பின்னங்கால் அடிப்பக்கத்துப் பட்டைய நேர்ல பாக்கணுமாம். இதுலயே ராமேஸ்வரத்துல ஒரு இனம் இருக்கு, அங்க அனுமார் கோயில் பேரையே வச்சி 2004ல விவரிச்சிருக்காங்க. 1899லயே தமிழ்நாட்டுல இருந்து ஒண்ணு எழுதியிருக்காங்க. ஆந்திராவுல கூட்டிங்கிற ஊரு பேருல ஒரு நீலக்கலர் இனம், அழியிற நிலையில இருக்கு. ஆச்சி சொன்ன புளியமரம் சும்மா இல்ல.

அவங்க சொன்னதுல எனக்கு மண்டையில ஏறுன ஒரே விசயம் இது. ரெட் நீ மாதிரி அமெரிக்கா பக்கத்துச் சிலந்திக்கி முதல் ஆயுதம் வயித்து மயிரு. பின்னங்கால வச்சி உரசி தூவும். கையில பட்டா அரிப்பு, செலோடேப் ஒட்டி எடுத்துட்டு கழுவிரலாம், கண்ணுல பட்டாத்தான் பெரிய வினை, கருவிழியில குத்தி உள்ள போயிரும், தேய்க்கவே கூடாது. அதனால ரெட் நீ வளக்கிறவன் காக்க வேண்டியது கண்ண. நம்ம பக்கத்துச் சிலந்திக்கி அந்த மயிரே கிடையாது. அதுக்கு ஓட்டம், இல்லன்னா கடி, ரெண்டே வழிதான். இத வளக்கணும்னா உயரமான டப்பா, நட்டமா ஒரு மரப்பட்டை, கதவு பக்கவாட்டுல, கை உள்ள போகவே கூடாது, நீள பிரஷ்தான். நான் அதுக்கு நேர் எதிரா எல்லாம் பண்ணி வச்சிருந்தேன். இந்தக் கடிக்கி முறிமருந்து கிடையாது, பாம்புக்கடி மருந்து இதுக்கு ஆகாது, வலிக்கும் இழுப்புக்கும் வைத்தியம் பண்ணிக்கிட்டு காத்திருக்க வேண்டியதுதான். செத்ததா பதிவு இல்லன்னு சார் சொன்ன பெறவுதான் எங்கம்மா அழுகைய நிறுத்துனா.

இனி அந்தப் பய பேசுனதக் கேளுங்க. முதல் நாள்: "லைட்டுல கலர் அப்படி தெரியும் ப்ரோ." அப்புறம்: "அடுத்த தோல் உரிச்சா செவப்பு வந்துரும்." ஆஸ்பத்திரி படம் அனுப்புனதுக்கு: "நீங்க பயமுறுத்தியிருப்பீங்க, என் பொண்ணு தொடுறா." 6500 திருப்பிக் குடுன்னேன், "லைவ் அனிமல் நோ ரீபண்ட்"ன்னு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் வே! அப்புறம் ஆபீஸ் நம்பர்னு ஒண்ணு குடுத்தான், அதுல ஒரு பொம்பள "மேனேஜர் மீட்டிங்ல இருக்காங்க"ன்னு மூணு நாளு. நாலாம் நாள் போலீசுக்கு போவேன்னதும் சொன்னான் பாருங்க, "தாராளமா போங்க, வாங்குனது நீங்கதான". அதோட பிளாக்.

அவன் அப்படிச் சொன்னதுக்கு காரணம் இருக்கு, அதுதான் ரொம்ப எரியிது. ரெட் நீ, சைட்டிஸ்ங்கிற உலக வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, பொய்சிலோதீரியாவும் 2019ல இருந்து அதுல இருக்கு. 2022ல திருத்துன வனவிலங்குச் சட்டப்படி பட்டியல்ல உள்ள உசிர வச்சிருந்தா பதிவு பண்ணணும், அரசாங்கத்தோட பரிவேஷ் 2.0 இணையதளத்துல. அவன்ட்ட ஒரு தாளும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. கேக்காதது என் தப்பு, அத மறைக்கல.

சாரு வீட்டுக்கே வந்தாவ. தொட்டிய குளியலறைக்கி தூக்கிட்டுப் போயி, தண்ணி போற ஓட்டையத் துணி வச்சி அடச்சி, கதவப் பூட்டிட்டு, மூடிய அரை இஞ்ச் நகட்டி, வாய் அகலமான பிளாஸ்டிக் பாட்டில அது மேல கவுத்து, கீழ கனமான அட்டைய சொருகி எடுத்துட்டாவ. பத்து நிமிசம், ஒரு விரல் உள்ள போகல. பாட்டில்ல பாத்தப்ப வாய் பக்கத்து சின்னக் கையோட நுனியில பாக்ஸிங் கிளவுஸ் மாட்டுன மாதிரி உருண்டை. அப்படின்னா வளந்து முடிஞ்ச ஆண், தோழி தேடி மரத்த விட்டு இறங்கினப்ப எவனோ புடிச்சிருக்கான், ஆயுசு மிஞ்சிப்போனா ஒரு வருசமாம். எனக்கு வித்தது இருபது வருசப் பொம்பள. எந்தக் காட்டுல புடிச்சதுன்னு தெரியாம நாமளா கொண்டு போயி விடக்கூடாதுன்னுட்டாவ, வனத்துறை ஆபீஸ்ல எழுதிக் குடுத்து ஒப்படச்சிட்டு வந்தோம்.

என்ன செய்யணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், விரல் ஒத்துழைக்கல. அவசரத்துக்கு இது: படம் ஒண்ண மட்டும் நம்பாதீங்க, உங்க பேரு எழுதுன துண்டுச் சீட்ட அந்தச் சிலந்தி பக்கத்துல வச்சி மேல இருந்தும் அடியில இருந்தும் வீடியோ கேளுங்க. "டாரன்டுலா"ன்னு மட்டும் சொல்லி அறிவியல் பேரு சொல்லாதவன்ட்ட வாங்காதீங்க. சாம்பல் உடம்பும் காலடி மஞ்சளும் பாத்தா கைய எடுங்க. ஏற்கெனவே கடிச்சிருந்தா டாக்டர்ட்ட படத்தக் காட்டுங்க, என்ன மாதிரி பேரச் சொல்லி கெடுக்காதீங்க.

காலு மறுபடி இழுக்குது, எந்திரிச்சி நடக்கணும். நேத்து என் கூட்டாளி குரூப்ல பாத்துட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புனான், அதே படம், அதே "பீமேல், நாலு இஞ்ச்". வில 7000 ஆக்கிட்டான்.