ராயக்கோட்டை ரயில், பென்னாகரம் பஸ்: ஆசிரியருக்கு எந்த மடிக்கணினி?

ராயக்கோட்டையில் ரயிலேறி, தருமபுரியில் இறங்கி, பென்னாகரம் பஸ்ஸில் நின்றபடி பள்ளிக்குப் போகும் ஆசிரியத் தோழி கேட்டார்: புதிய 15.6 அங்குலப் பிளாஸ்டிக் மடிக்கணினியா, ஏறக்குறைய அதே விலையில் புதுப்பித்து விற்கப்படும் 14 அங்குல அலுவலக வகையா?

எடை: புதியது சுமார் 1.7 கிலோ. அலுவலக வகை சுமார் 1.5 கிலோ. சார்ஜரையும் சேர்த்தே நிறுத்துப் பாருங்கள். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆனால் சிறிய சார்ஜரே போதும்.

உறுதி: இதுதான் முக்கியம். நெரிசலில் பை நசுங்கும்போது மெல்லிய மூடி வளைந்து திரையை அழுத்துகிறது. திரையில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மலிவான உடலில் கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதிந்திருப்பதால் நாளடைவில் பெயர்ந்துவிடும். திறக்கும்போது மூலையில் இடைவெளி விரிந்தால் அதுவே முதல் அறிகுறி. அலுவலக வகைகள் பலவற்றில் மூடியும் கீலும் இதைவிடத் திடமானவை.

பேட்டரி: இதில் புதியதே மேல். பழையதை வாங்கும் முன் கடையிலேயே விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் இதை இயக்குங்கள்:

```
powercfg /batteryreport
```

அறிக்கையில் DESIGN CAPACITY 57,000, FULL CHARGE CAPACITY 34,200 என்றிருந்தால் 60 சதவீதமே மிச்சம். பேட்டரி மாற்றும் செலவையும் விலையில் கூட்டுங்கள். செயலி இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையது என்றால் வேண்டாம். விண்டோஸ் 11-க்கு அது பெரும்பாலும் பொருந்தாது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

தோழிக்கு நான் சொன்னது அலுவலக வகையைத்தான். வீட்டு மேசையிலேயே பெரும்பாலும் வேலை செய்பவருக்குப் புதியதன் பெரிய திரை பொருந்தும்.