ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்க யார்? இரண்டு விண்ணப்பங்கள், ஒரு விளம்பரம்

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் மருந்தாய்வுப் பிரிவு விளம்பரம் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை: நோயாளி ஒப்புதல் படிவங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வருகிறவர் படித்துப் புரிந்து கையெழுத்துப் போட வேண்டிய தாள். கடைசியில் இரண்டு விண்ணப்பங்கள் மிஞ்சுகின்றன.

முதலாமவருக்கு 12 ஆண்டு அனுபவம். 'ஆங்கிலம், தமிழ், மலையாளம், இந்தி' என்று எழுதியிருக்கிறார். இரண்டாமவருக்கு 4 ஆண்டுதான். 'ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு' என்று ஒரே வரி. பார்த்ததும் முதலாமவர் பக்கம் மனசு சாயும். ஆனால் தெரிந்த மொழிகளின் பட்டியல் மொழி இணை ஆகாது. எதிலிருந்து எதற்கு என்ற திசை வேண்டும். அவர் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், 9 ஆண்டு கிரயப் பத்திரங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். கேட்ட திசையில் மிஞ்சுவது 3 ஆண்டு.

துறையிலும் இதே கதைதான். முதலாமவர் 'சட்டம், மருத்துவம், சுற்றுலா' என்கிறார். அந்த மருத்துவம் ஒரு மருத்துவமனையின் விளம்பரத் துண்டறிக்கை. இரண்டாமவர் நீரிழிவு ஆய்வுகளுக்கு 6 ஒப்புதல் படிவங்கள் செய்திருக்கிறார். கண் துறை அவருக்குப் புதிது, அது குறைதான். ஆனால் கண்புரை வேறு, கண் நீர் அழுத்த நோய் வேறு என்பது போன்றவற்றை ஒரு சொற்பட்டியல் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். நோயாளிக்காக எழுதும் பழக்கத்தை அப்படிக் கொடுக்க முடியாது.

முடிவு செய்ய வேண்டிய இடம் மாதிரி மொழிபெயர்ப்புதான். அவர்கள் அனுப்பும் மாதிரியை வேறொருவர் திருத்தியிருக்கலாம். அதனால் இருவருக்கும் ஒரே 250 சொல் பகுதியைக் கொடுங்கள். 'You may experience blurred vision' என்ற வரிக்கு முதலாமவர் 'மங்கலான பார்வையை அனுபவிக்கலாம்' என்கிறார். 'பார்வை மங்கலாகத் தெரியலாம்' என்கிறார் இரண்டாமவர். அடுத்து 'placebo'. முதலாமவர் எழுதிய 'போலி மருந்து' என்பதைப் படிக்கிறவர், கள்ள மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று பயந்துவிடுவார். இரண்டாமவரின் 'மருந்துச் சத்து இல்லாத, பார்க்க மருந்து போலவே இருக்கும் சொட்டு' என்பது நீளம்தான், ஆனால் உண்மையைச் சொல்கிறது. 'Randomised' என்பதைச் 'சீரற்ற முறையில்' என்று எழுதினால் ஒழுங்கில்லாத ஆய்வு என்று படும். இரண்டாமவரும் இங்கே அப்படித்தான் எழுதியிருக்கிறார். 'யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் போல முடிவாகும்' என்று திருத்திக் காட்ட வேண்டியிருக்கிறது.

இழப்பீட்டுப் பத்தியில் நிலைமை மாறுகிறது. யார் கொடுப்பார்கள், எந்த நிலையில் கொடுப்பார்கள் என்பதை முதலாமவர் பிசகில்லாமல் எழுதியிருக்கிறார். 'ஆய்வினால் ஏற்பட்ட பாதிப்புக்கு' என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாமவர் 'ஏதேனும் பாதிப்புக்கு' என்று எழுதி, மூலத்தில் இல்லாத வாக்குறுதியைக் கொடுத்துவிட்டார். ஒரு சொல்தான், ஆனாலும் பெரிய பிழை.

வேலை இரண்டாமவருக்கு, இழப்பீட்டுப் பத்திகளை மட்டும் சட்டம் தெரிந்தவர் சரிபார்க்கட்டும். தமிழ்ப் படிவத்தை மூல ஆங்கிலத்தைப் பார்க்காத வேறொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடும் கட்டம் ஒன்று இருக்கிறது. முதலாமவரின் 9 ஆண்டுத் திசை அதுதான். அந்த வேலைக்கு அவரையே அழைக்கலாம், சோதனைக்குக் கொடுத்த படிவத்தைத் தவிர.