திருத்தித் தருவதா, கேட்டு வாங்குவதா?

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிப்பவர்கள் 2026 சேர்க்கையிலிருந்து தங்களைப் பற்றி ஒரே நீண்ட கட்டுரையாக எழுதுவதில்லை. இந்தப் படிப்பு ஏன், இதுவரை படித்தது எப்படித் தயார்ப்படுத்தியது, வெளியே வேறென்ன செய்தாய் என்று மூன்று கேள்விகள். இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 கேரக்டர்தான். அதில் அலங்கார வரிக்கு இடமில்லை. பிள்ளை எழுதியதைப் பெற்றோர் திருத்தித் தருவதா, கேள்வி கேட்டுப் பிள்ளையிடமிருந்தே விஷயத்தை வாங்குவதா?

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த வீட்டில் மகள் மெட்டீரியல்ஸ் சயின்ஸுக்கு எழுதினாள். மூன்றாவது கேள்விக்கு அவள் போட்ட முதல் வரி: "பாரம்பரியமிக்க செட்டிநாட்டில் வளர்ந்ததால் ஆத்தங்குடிக் கல் மீது எனக்கு ஆழ்ந்த ஈடுபாடு."

அப்பா லேப்டாப்பை வாங்கி அரைமணியில் திருத்திவிட்டார். இலக்கணம் சுத்தம், ஆங்கிலம் மிடுக்கு. ஆனால் விஷயம் ஒரு துளிகூடக் கூடவில்லை. "நிலைத்தன்மை கொண்ட உற்பத்தி" என்று அவர் சேர்த்ததை நேர்காணலில் யாராவது கேட்டால் அவள் முழிப்பாள்.

அம்மா கீபோர்டைத் தொடவில்லை. "பட்டறையில என்னத்தா பார்த்தே?" என்று தொடங்கினார். அந்தத் தரைக்கல்லுக்கு வண்ணச் சிமென்ட் கலவையைக் கண்ணாடி மேல் அச்சுக்குள் ஊற்றுவதை மகள் சொன்னாள். "சூளையே இல்லையே, எப்படி இறுகுது?" தண்ணீரில் ஊறப்போட்டு இறுகவிடுவார்களாம். "சீக்கிரம் எடுத்தா?" அங்கேதான் விஷயம் வந்தது: அவசரப்பட்டு எடுத்த ஒரு கல்லின் ஓரம் விரலோடு உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறாள். சிமென்ட் இறுகுவது காய்வதால் அல்ல, தண்ணீரோடு நடக்கும் வேதிவினையால் என்று அப்புறம் பள்ளிப் புத்தகத்தில் தேடியிருக்கிறாள். முதல் வரி போய், உதிர்ந்த ஓரம் வந்தது. வேதிவினைப் பகுதி இரண்டாவது கேள்விக்குப் போயிற்று.

கேள்வி கேட்பதிலும் திருட்டுத்தனம் உண்டு. "அதுலேர்ந்து பொறுமை கத்துக்கிட்டேல்ல?" என்பது கேள்வி வேடத்தில் வரும் வாக்கியம், பிள்ளை தலையாட்டும், அது அப்படியே வரைவில் ஏறும். "என்ன பார்த்தே, அப்புறம் என்ன செஞ்சே" வகைதான் சரி. "ஏன் பிடிக்கும்" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பெரும்பாலும் பொன்மொழிதான் கிடைக்கும். பதிலைப் பெற்றோர் குறித்துக் கொடுக்கவும் கூடாது. குறிக்கும்போதே நம் சொல் நுழைந்துவிடும். பிள்ளையே போனில் பதிவு செய்து, தனியாகக் கேட்டு எழுதட்டும்.

இந்த வழிக்கு நேரம் பிடிக்கும், மூன்று நாலு முறையாவது உட்கார வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் அக்டோபர் 15 கெடு. செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் கை தானாகத் திருத்தப் போகும். அப்போதும் பிழையான வரியின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுக்கலாம், என்ன பிழை என்று அவளே கண்டுபிடிக்கட்டும். அந்த வீட்டு அப்பாவுக்குக் கடைசியில் கிடைத்த வேலை அதுதான்.