பத்து மாதப் பேத்தியும் பத்துக் கிண்ணங்களும்: பதினோரு மாத அனுபவம்

சென்ற ஆவணியில், பேத்திக்குப் பத்து மாதம் முடிந்த வாரம், மகளோடு கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போய் மூன்று விளையாட்டுச் சாமான்கள் வாங்கி வந்தேன். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பத்துப் பிளாஸ்டிக் கிண்ணங்கள் 350 ரூபாய். மூடியில் விதவிதமான துளைகளும் அவற்றுக்கேற்ற கட்டைகளும் கொண்ட பெட்டி 480 ரூபாய். வட்டம், சதுரம், முக்கோணம் என்று மூன்றே துண்டுகள் கொண்ட மரப் புதிர்ப் பலகை 260 ரூபாய். இப்போது ஆடி பிறந்துவிட்டது. மகள் வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் பாபநாசத்து வீட்டுக் கூடத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவன் நான்தான் என்பதால், எழுதும் தகுதி எனக்கு உண்டு.

கிண்ணத்தின் விலையைக் கேட்டதும் என் மனைவி, "பரணில் ஆழாக்கு, உழக்கு, உரி, படி எல்லாம் கிடக்கின்றன. அவையும் ஒன்றுக்குள் ஒன்று போகத்தானே செய்கின்றன?" என்றாள். பாதி நியாயம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று ஏறும் அந்த வரிசை இந்த விளையாட்டுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் எங்கள் வீட்டுப் படி இரும்பு. விளிம்பில் துரு ஏறியிருந்தது. கால்விரலில் விழுந்தால் நகம் போய்விடும். அவற்றைப் பரணிலேயே விட்டுவிட்டோம். மனைவி சொன்னதில் மீதிப் பாதி எப்படி உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரம் மூன்றுமே வீண் செலவு என்றுதான் நினைத்தேன். நான் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்குவேன். அவள் ஒரே தட்டில் கவிழ்ப்பாள். பெட்டிக் கட்டைகளை இரண்டு கையிலும் எடுத்து ஒன்றோடொன்று மோதுவாள், பிறகு வாயில் வைப்பாள். புதிர்ப் பலகையிலிருந்து துண்டுகளைப் பிடுங்கி வீசுவாள். திரும்ப வைப்பது என்ற பேச்சே இல்லை. அட்டைப்பெட்டிப் படத்தில் சிரித்துக்கொண்டு கட்டையைத் துளைக்குள் செருகும் குழந்தைக்கு எப்படியும் ஒன்றரை வயது இருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

பத்து மாதத்தில் குழந்தை கவிழ்க்கும், வெளியே எடுக்கும், மோதி ஓசை எழுப்பும். உள்ளே போடுவது ஒரு வயதை ஒட்டி வரும். ஒன்றின்மேல் ஒன்றை அடுக்குவது அதற்கும் சில மாதம் கழித்து, பதினைந்து மாதத்தை ஒட்டி. இந்த வரிசை தெரியாமல் நாம் "உள்ளே போடு, உள்ளே போடு" என்று நச்சரித்தால் குழந்தை எழுந்து தவழ்ந்து போய்விடும். என் பேத்தி இரண்டு முறை போனாள்.

தடை எங்கே என்பதை அவள் கையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஒரு நாள் வட்டக் கட்டையை எடுத்துக்கொண்டு பெரிய கிண்ணத்துக்குள் கையை விட்டாள். கை உள்ளே இருக்கிறது, கட்டை கைக்குள் இருக்கிறது. விரல்கள் திறக்கவில்லை. சற்று நேரம் கிண்ணத்தையே பார்த்தாள். கட்டையோடு கையை வெளியே எடுத்துக்கொண்டாள். எங்கே போடவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பிடித்ததை நினைத்த இடத்தில் விடுவதுதான் இன்னும் கைவரவில்லை. இந்த வயதுக் குழந்தை ஒரு பொருளை விடவேண்டுமானால் முதலில் அதைத் தரையிலோ நம் உள்ளங்கையிலோ அழுத்திக்கொள்ளும். அந்த அழுத்தம் கிடைத்த பிறகுதான் விரல் பிரியும். அந்தரத்தில் நிறுத்தி விடுவது அடுத்த படி.

அதனால் பொம்மைகளை ஓரம் கட்டிவிட்டு, "தா" விளையாட்டில் தொடங்கினேன். அவள் கையில் கட்டை இருக்கும்போது என் உள்ளங்கையை அதன் அடியில் கொண்டுபோய், லேசாக மேல்நோக்கி அழுத்தி, "தா" என்பேன். கட்டை என் கையில் இறங்கியதும் உடனே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த முறை தரமாட்டாள். ஐந்தாறு நாளில் இது பழகியது. பிறகு என் கை இருந்த இடத்தில் ஓர் அகலமான எவர்சில்வர் பேசினைக் கவிழ்த்து வைத்தேன். அவள் கட்டையை அதன் முதுகில் அழுத்தி விட்டாள். உருண்டு தரையில் விழுந்தது. அடுத்து பேசினை நிமிர்த்தி வைத்தேன். கட்டை விழுந்ததும் "டங்" என்ற ஓசை. அவள் கண் விரிந்தது. அன்றைக்கு அந்த ஒரு கட்டையை எத்தனை முறை போட்டாள் என்று எண்ணவில்லை, மனைவி அடுப்படியிலிருந்து மூன்று முறை, "போதுமே!" என்று குரல் கொடுத்தாள். மனைவி சொன்ன மீதிப் பாதி இதுதான். பிளாஸ்டிக் கிண்ணத்தில் விழுந்தால் மொக்கையான ஒரு சத்தம்தான் வரும். விட்டவுடன் பதில் சொல்லும் பாத்திரம் வேண்டும். அது அடுக்களையில் இருந்தது.

பேசினிலிருந்து கிண்ணத்துக்கு வந்தபோது பத்தையும் கொடுக்கவில்லை. அடுத்தடுத்த அளவுக் கிண்ணங்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான். கொஞ்சம் சாய்ந்தாலும் முட்டி நிற்கும், குழந்தைக்கு அழுகை வரும். பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்றை மட்டும் வைத்தேன். எதை எதில் எப்படிப் போட்டாலும் விழும். இடையில் உள்ள அளவுகளை மாசிக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கவிழ்த்த இரண்டு கிண்ணங்களை அவளாக ஒன்றின்மேல் ஒன்று வைத்தது தைப் பொங்கலுக்கு மறுநாள். அப்போது பதினைந்து மாதம். அதுவரை கட்டுவது என் வேலை, இடிப்பது அவள் வேலை. இடிப்பதும் விளையாட்டுதான், ஆனால் தட்டுவதற்கு முன் என் முகத்தைப் பார்க்கட்டும் என்று "ஒன்று... இரண்டு..." என்று இழுப்பேன். சில வாரங்களில் மூன்று சொல்லும்வரை கையைத் தூக்கிக்கொண்டே காத்திருந்தாள்.

கிண்ணம் வாங்கும்போது அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றி விளையாட மட்டும் அது வைக்கப்படவில்லை. ஓட்டையில்லாத கிண்ணம் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கவ்விக்கொண்டால் காற்று இழுத்து ஒட்டிக்கொள்ளக்கூடும். குழந்தைக்கு அதைப் பிய்க்கத் தெரியாது. அதுபோல, விளிம்பை உள்ளே மடித்த கிண்ணம் வேண்டாம். எங்களுடையது அப்படித்தான். குளிக்கும்போது அண்டாவில் போட்டு விளையாடினாள். ஐப்பசி அடைமழையில் வெயிலே இல்லாமல் மடிப்புக்குள் தண்ணீர் தங்கிவிட்டது. ஒரு நாள் காதருகே குலுக்கினேன், சலசலத்தது. தீக்குச்சியால் நெம்பிப் பார்த்தால் கறுப்பாகப் பூஞ்சணம். மூன்று கிண்ணங்களைக் குப்பையில் போட்டேன். மிஞ்சிய ஏழு கிண்ணங்களை இப்போது குளியலுக்குப் பிறகு கவிழ்த்து வைத்து, வெயில் வந்தால் திண்ணையில் காயவைக்கிறோம்.

பெட்டிக்கு வருவோம். முதல் நான்கு மாதம் அதன் மூடியைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டேன். பெட்டி வெறும் பெட்டியாகவே உழைத்தது. மார்கழியில் மூடியை எடுத்தால் துளைகள் அதிகம், குழந்தைக்குத் தலை சுற்றும். ஆகவே பழைய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் ஒரே ஒரு வட்டத் துளை வெட்டி, ஓரத்தை உப்புக்காகிதத்தால் தேய்த்து மழுக்கி, வட்டக் கட்டையை மட்டும் கொடுத்தேன். வட்டத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அதை எப்படித் திருப்பினாலும் நுழையும். சதுரம் நான்கு திருப்பத்தில் நுழையும், முக்கோணம் மூன்றில், நீள்சதுரம் இரண்டில். இதய வடிவம் ஒரே ஒரு நிலையில்தான். வட்டம், சதுரம், முக்கோணம் என்று அந்த வரிசையிலேயே அவளும் கற்றாள். சதுரத்துக்குச் சித்திரை ஆகிவிட்டது. அவள் முட்டிக்கொண்டு நிற்கும்போது நான் கட்டையைத் திருப்புவதில்லை, பெட்டியைத்தான் மெல்லத் திருப்புவேன். கட்டை அவள் கையிலேயே இருக்கும், நுழைத்த பெருமையும் அவளுடையது.

எங்கள் பெட்டியின் குறை: வட்டக் கட்டை சதுரத் துளையிலும் விழுகிறது. சதுரத்தின் பக்கத்தைவிட வட்டத்தின் விட்டம் குறைவாக இருந்தால் வேறென்ன நடக்கும்? எங்கே போட்டாலும் விழுமானால் குழந்தை ஏன் துளையைப் பார்க்கப்போகிறது? கடையிலேயே ஒவ்வொரு கட்டையையும் அதற்கு உரியதல்லாத துளையில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால் அதையும் தேடிப் பாருங்கள். வீட்டில் நான் செய்யும் இன்னொரு சோதனை, அட்டையில் 32 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டி வைத்திருக்கிறேன். அதில் நுழைந்து போகிற எதுவும் மூன்று வயதுவரை அவள் கைக்குப் போவதில்லை.

புதிர்ப் பலகைதான் எங்கள் ஊர்க் காற்றுக்கு ஒத்துவராமல் போனது. பிளைவுட்டின்மேல் காகிதப் படம் ஒட்டிய பலகை. ஐப்பசியில் ஈரம் குடித்து வட்டத் துண்டு உப்பி, குழியிலேயே இறுகிவிட்டது. பத்து மாதத்தில் பிடுங்கி வீசியவள் ஒரு வயதில் பிடுங்க முடியாமல் அழுதாள். ஏதோ மறந்துவிட்டாள் என்று நான் கவலைப்பட்டேன். நானே இழுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்கும் வரவில்லை. துண்டு பலகை மட்டத்துக்கு மேலே மயிரிழை எழும்பியிருந்தது, அதுதான் அடையாளம். கத்தி முனையால் நெம்பி எடுத்து, மின்விசிறியடியில் இரண்டு நாள் காயவைத்தேன். வெயிலில் வைக்கக்கூடாது, பலகை வளைந்துவிடும். பிறகு குழியின் உள்விளிம்பை வாசலில் உட்கார்ந்து தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தேன். எச்சில் பட்ட ஓரங்களில் காகிதம் உரிந்து வந்ததைத் தடுக்க வழியில்லை. முழுவதையும் நானே உரித்துப் போட்டுவிட்டேன். படமில்லாத மொட்டைத் துண்டுகளோடு அவள் குறையில்லாமல் விளையாடுகிறாள். மரத்தின்மேலேயே வண்ணம் அச்சிட்ட பலகையும், கை நிறையப் பிடிக்கும் பெரிய குமிழும் இருந்தால் வாங்குங்கள். அந்தக் குமிழை ஞாயிறுதோறும் திருகி இழுத்துப் பார்த்துவிட வேண்டும். எங்கள் சதுரத்தின் குமிழ் பங்குனியில் ஆடத் தொடங்கியது. அன்றே அதைத் தூக்கி வைத்துவிட்டேன்.

புதிரைத் தொடக்கத்தில் எப்படி விளையாடுவது என்றால், வட்டத் துண்டை மட்டும் குழியில் பாதி சரித்து வைத்துவிடுவேன். அவள் ஒரு தட்டு தட்டினால் உள்ளே விழும். மற்ற இரண்டும் என் மடியில் ஒளிந்திருக்கும்.

இன்று கணக்குப் பார்த்தால் கிண்ணங்கள்தான் நாள் தவறாமல் கையில் இருக்கின்றன. மறுபடியும் வாங்கச் சொன்னால் அவற்றை மட்டும் வாங்குவேன். பெட்டியை ஒன்றேகால் வயதுக்குப் பிறகு வாங்கியிருக்கலாம். இதயக் கட்டை இன்னும் அவளுக்கு அடங்கவில்லை. நேற்று நான்கு முறை முயன்றாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடியைத் தூக்கிக் கட்டையை உள்ளே போட்டுவிட்டு மூடியை மூடினாள்.