பாண்டி பழுதுக் கடையில் போன 6,800 ரூபாய்: வைஃபை வரவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன். 6,800 ரூபாய். கோளாறே இல்லாத லேப்டாப்பைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லி வாங்கிய பணம்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புதுச்சேரியில் லேப்டாப், போன் எல்லாம் பழுது பார்க்கிற, கண்ணாடிக் கதவு போட்ட ஏசி கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம். வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. கொஞ்ச நாளாகவே சாயங்காலம் ஆனால் வீடியோ காலில் எதிரே பேசுகிறவர் முகம் அப்படியே உறைந்து நிற்கும். வைஃபை அடையாளம் முழுதாகத்தான் இருக்கும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. சிறிது நேரத்தில் தானாகச் சரியாகும், மறுபடி போகும். அதே நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார், அது தடங்கலே இல்லாமல் ஓடும். போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை என்றால் யாராக இருந்தாலும் லேப்டாப்பைத்தான் சந்தேகப்படுவார்கள்.

கடலூரில் காட்டாமல் பாண்டிக்குப் போனது, அந்தக் கடையில் போர்டு வேலையெல்லாம் செய்வார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றி, உள்ளே இரண்டு மெல்லிய ஒயர் செருகியிருந்த ஒரு சின்ன அட்டையைக் காட்டினார். "சார், இதுதான் வைஃபை கார்டு. இது போச்சு. போர்டுலயும் லேசா ஷார்ட் இருக்கு. ரெண்டும் சேர்த்து 6,800 ஆகும். நீங்க தெரிஞ்சவர் சொல்லி வந்திருக்கீங்க, அதனால இந்த ரேட்டு."

சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். என் கண் முன்னாலேயே கடை வைஃபையில் லேப்டாப்பை இணைத்து, ஒரு வீடியோவை நல்ல தரத்தில் ஓடவிட்டார். "நீங்களே பாருங்க சார், எங்கயாவது நிக்குதா?" எங்கும் நிற்கவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. ஸ்கேன் செய்து பணத்தைப் போட்டுவிட்டு, தவளக்குப்பம் தாண்டும்போதே அலுவலகத்துக்கு "இனிமேல் பிரச்சினை இல்லை" என்று செய்தியும் அனுப்பிவிட்டேன்.

இப்போது யோசித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வீடியோ, கடைக்காரர் கையே வைக்காமல் விட்டிருந்தாலும் அங்கே ஓடியிருக்கும். லேப்டாப்பை வாங்கியதும் கடை வைஃபையில் ஒரு தரம் போட்டுப் பார்த்திருந்தால், கோளாறு லேப்டாப்பில் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பார்த்திருப்பார், தெரிந்திருக்கும். பணம் வாங்கிய பிறகுதான் அந்தச் சோதனையை எனக்குக் காட்டினார்.

அன்று ராத்திரியே வீட்டில் பழைய கதை. போன் செய்தேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்." மறுநாள், "விண்டோஸ் பிரச்சினையா இருக்கும், ஃபார்மட் போடணும், அதுக்குத் தனி சார்ஜ்." மறுபடி பஸ் ஏறிப் போனால், அங்கே நன்றாக ஓடுகிறது. "பாத்தீங்களா சார், எங்க சைடு ஓகே" என்று மூடியைச் சாத்திக் கையில் கொடுத்துவிட்டார். கழற்றிய பழைய அட்டையைக் கேட்டேன். "அது ஸ்கிராப்ல போயிடுச்சு." பில்லில் வெறும் "சர்வீஸ்" என்று ஒற்றை வார்த்தை, கீழே 6,800. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான் வருகிறது.

என் தங்கை மகன் டிப்ளமோ படிக்கிறான். விஷயத்தைக் கேட்டதும் அவன் லேப்டாப்பைத் தொடவே இல்லை. "அத்தை போனைக் குடுங்க மாமா" என்றான். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபை மட்டும் வைத்து, நான் வேலை செய்யும் அதே மேசையில் வீடியோவைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது! இத்தனை நாள் அந்தப் போனில் நன்றாக ஓடியதன் ரகசியம் இதுதான்: வைஃபை தொய்ந்தால் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி அதில் இருந்தது. இரண்டாவது கருவியை வைத்துச் சோதிக்கும்போது டேட்டாவை அணைக்காவிட்டால் போன் நம்மை ஏமாற்றிவிடும். அணைத்த பிறகு போனும் லேப்டாப்பும் ஒரே மாதிரி நின்றால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பதில்தான் கோளாறு.

அடுத்து வேறொரு நெட்வொர்க். தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் லேப்டாப்பை இணைத்தான். அதற்கு முன் அந்தப் போனின் வைஃபையை அணைத்தான். சில போன்கள் வீட்டு வைஃபையையே வாங்கி ஹாட்ஸ்பாட் வழியாகத் திருப்பிக் கொடுக்குமாம், அப்படி நடந்தால் நெட்வொர்க்கை மாற்றியதாகவே ஆகாது. சாப்பிட்டு முடிக்கும்வரை வீடியோவை ஓடவிட்டோம். கோளாறு விட்டு விட்டு வருவதால் ஒரு நிமிடம் பார்த்து முடிவு கட்டக் கூடாது, வழக்கமாக நிற்கும் இடைவெளியைத் தாண்டியும் ஓட வேண்டும். ஓடியது. வைஃபை அட்டை கெட்டிருந்தால் ஹாட்ஸ்பாட்டிலும் இப்படித்தான் நின்றிருக்கும்.

மூன்றாவது கேபிள். அவன் வீட்டில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நெட்வொர்க் கேபிளையே கழற்றி எடுத்து வந்தான். தெரியாத கேபிளைப் போட்டால் சந்தேகப்பட இன்னொரு பொருள் சேர்ந்துவிடும். ரவுட்டரின் பின்பக்கத் துளையிலிருந்து நேராக லேப்டாப்புக்குப் போட்டு, லேப்டாப்பில் வைஃபையை அணைத்தான். ஒரு தடங்கலும் இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் லைனும் சரி, லேப்டாப்பும் சரி. மிச்சம் இருப்பது ரவுட்டர் வைஃபையை அனுப்பும் பகுதி மட்டும்தான்.

நான் அப்போதும் நம்பவில்லை. ஒரு தடவை ஏமாந்தவனுக்குச் சாட்சி வேண்டும் அல்லவா? அவன் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கறுப்புத் திரையைத் திறந்து `ipconfig` அடித்து, `Default Gateway` என்ற வரியில் இருந்த எண்ணைப் பார்த்தான். அதுதான் ரவுட்டரின் முகவரி. பிறகு இதை ஓடவிட்டான்:

```
ping -t 192.168.1.1
```

எங்கள் ரவுட்டரின் எண் அது, உங்களுடையது வேறாக இருக்கலாம். ஒவ்வொரு வரியும் ரவுட்டரிடம் "இருக்கிறாயா?" என்று கேட்டு வாங்கும் பதில். இது வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. வைஃபையில் இருந்தபோது நடுநடுவே வரிசையாக `Request timed out.` வந்தது, அதே நேரத்தில் வீடியோவும் நின்றது. தூரம் காரணமாக இருக்குமோ என்று லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்திலேயே வைத்தும் பார்த்தோம், அப்போதும் வந்தது. கேபிளில் அந்த வரி ஒன்றுகூட வரவில்லை. (நிறுத்த `Ctrl+C`.) குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போனவனுக்கு பக்கெட்டை மாற்றிக் கொடுத்து 6,800 வாங்கியிருக்கிறார்கள்.

உண்மையில் அந்த பக்கெட்டைக்கூட மாற்றவில்லை. ஒவ்வொரு வைஃபை அட்டைக்கும் அதற்கே உரிய ஒரு முகவரி உண்டு. `ipconfig /all` அடித்தால் வைஃபை பகுதியில் `Physical Address` என்று காட்டும். முன்பு அலுவலக வைஃபையில் சேர்ப்பதற்காக அதை நான் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். தேடி எடுத்து ஒப்பிட்டால், ஓர் எழுத்துகூட மாறவில்லை. புது அட்டை போட்டிருந்தால் அந்த முகவரி மாறியே ஆக வேண்டும். ஸ்கிராப்பில் போனதாகச் சொன்ன அட்டை என் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது. இதைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கும் நீல டிக்.

இணைப்புக் கம்பெனிக்குப் புகார் செய்து, "கேபிளில் வருகிறது, வைஃபையில் ரவுட்டரிடமிருந்தே பதில் வரவில்லை" என்று சொன்னோம். வந்த பையன் அதையே ஒரு தரம் செய்து பார்த்துவிட்டு, வேறு பெட்டி வைத்துவிட்டுப் போனான். பெட்டி அவர்களுடையது, அதனால் பத்துப் பைசா வாங்கவில்லை. இப்போது சாயங்காலத்தில் வீடியோ கால் நிற்பதில்லை.

எல்லா வகைக் கோளாறுக்கும் வழி எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கடைக்காரர் முகம் ஞாபகம் வந்தாலே கை ஓடவில்லை. அதனால் அவசரமாகக் கொஞ்சம்.

டேட்டாவை அணைத்த போன் வீட்டு வைஃபையில் நன்றாக ஓடி, லேப்டாப் ஹாட்ஸ்பாட்டிலும் நின்றால், அப்போது லேப்டாப்பைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் உடனே கடைக்குப் போகாமல், சார்ஜ் போடும் கேபிளால் போனை லேப்டாப்பில் செருகி, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள் (கேபிள் சார்ஜுக்கு மட்டும் என்று வந்ததாக இருக்கக் கூடாது). அதில் இணையம் வைஃபை அட்டையைத் தொடாமல் உள்ளே வரும். அப்படி ஓடினால் அட்டையோ அதை இயக்கும் டிரைவர் மென்பொருளோ, இரண்டில் ஒன்று. டிரைவரை முதலில் பாருங்கள், அதற்குக் காசு இல்லை. போன் வீட்டு வைஃபையில் நன்றாக ஓடும்போது, லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில் ஓடி, வீட்டு வைஃபையில் மட்டும் நின்றால் அட்டை சாகவில்லை. அந்த நெட்வொர்க்கை மறக்கச் செய்து மறுபடி இணைத்துப் பாருங்கள்.

நல்ல கேபிளிலும் நின்றால் லைன் அல்லது ரவுட்டர், அது இணைப்புக் கம்பெனியின் வேலை. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் சோதனையே வேண்டாம், ஒளி வந்து சேரவில்லை, புகார் செய்யுங்கள்.

கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், கொடுக்கும் முன் `Physical Address` வரியைப் படம் எடுத்து வையுங்கள். மூடியைக் கழற்றும் முன்பே கடை வைஃபையில் கோளாறைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் மாற்றிய பொருளின் பெயர் இல்லாமல், பழைய பொருள் கைக்கு வராமல் ஸ்கேன் செய்யாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் ஆகவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, என்னுடையது 6,800. கடை பெயர் கேட்டு இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், புகார் முடியும்வரை சொல்ல மாட்டேன்.