ஆத்தங்குடிப் பட்டறைக்கு மூன்று லட்சம்: வட்டியா, முராபஹாவா, கூட்டா?

காரைக்குடியில் சின்னத் தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. போன தை மாதம், ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை நடத்தும் ஒரு பாய் வந்தார். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றுக்குத் தரை போட நல்ல ஆர்டர் வந்திருக்கிறது. வெள்ளை சிமெண்ட், கலர் பவுடர், கண்ணாடி எல்லாம் வாங்க மூன்று லட்சம் வேண்டும். வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது. இந்தியாவில் இஸ்லாமிய வங்கியும் கிடையாது. வங்கிகள் சரக்கு வாங்கி விற்கக் கூடாது என்று 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது; தனியாக ஒரு வழி திறக்கும் யோசனையையும் ரிசர்வ் வங்கி 2017இல் கைவிட்டது. தேவகோட்டையில் வியாபாரம் செய்யும் தாய்மாமன் பணம் போடத் தயாராக இருந்தார். "அண்ணே, முராபஹாவா போடலாமா, கூட்டா போடலாமா? வங்கிக் கடனையும் பக்கத்துல வச்சு ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க" என்றார்.

வங்கிக் கணக்கு எளிது. 12 சதவீத வட்டி, 12 மாதத் தவணை என்றால் மாதம் 26,655 ரூபாய் வரும். வருட முடிவில் கட்டிய வட்டி கிட்டத்தட்ட 19,900.

முராபஹா கடன் இல்லை, விற்பனை. மாமா சரக்கைத் தன் பணத்தில் வாங்கி, வாங்கிய விலையையும் தன் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி, மருமகனுக்குத் தவணையில் விற்கிறார். மாமா 8 சதவீத லாபம் கேட்டார். அதாவது 24,000, மொத்தம் 3,24,000, மாதம் 27,000. "வங்கி 12, மாமா 8. மாமாதானே மலிவு?" என்றார் பாய். பலரும் வழுக்கும் இடம் இதுதான். வங்கியின் 12, மாதாமாதம் குறையும் பாக்கிக்கு மட்டும். மாமாவின் 8 முழுத் தொகைக்கும். வங்கி முறையில் மாற்றிப் பார்த்தால் அது ஏறக்குறைய 14.4 சதவீதம். வரியைக் கணக்கில் சேர்க்காமலே, வங்கியைவிட நாலாயிரம் ரூபாய் அதிகம். முன்கூட்டியே கட்டி முடித்தால் வங்கியில் மிச்ச வட்டி குறையும். முராபஹாவில் தள்ளுபடியை உரிமையாகக் கேட்க முடியாது, மாமா மனம் வைத்தால்தான்.

அந்த நாலாயிரத்துக்குக் கிடைப்பது என்ன? விலை பூட்டப்பட்டுவிடுகிறது. வீட்டுக்காரர் நான்கு மாதம் பணத்தை இழுத்தடித்தால் வங்கியில் பாக்கி வளரும். இங்கே 3,24,000 அப்படியே நிற்கும். தாமதத்துக்கு அபராதம் என்று எழுதியிருந்தாலும் அது தர்மத்துக்குப் போக வேண்டும், மாமா பைக்கு இல்லை.

இதெல்லாம் விற்பனை உண்மையாக நடந்தால்தான். பாய் ஒரு பில் கொண்டு வந்திருந்தார். கலர் பவுடர் பில், அவர் பெயரில், ஒன்பது நாள் பழையது. பாதிப் பவுடர் பட்டறையில் கரைந்து, கல்லாகித் தொட்டித் தண்ணீரில் கிடக்கிறது. "மாமா பில்லைப் பாத்துட்டுப் பணம் குடுத்துடுறேன்னார்" என்றார். மாமா கைக்கு வராத சரக்கை மாமா எப்படி விற்பார்? அது ரொக்கம் கொடுத்து அதிகம் வாங்குவது. பெயர் மட்டும் முராபஹா. நான் பார்ப்பது இரண்டுதான்: கடை பில்லின் தேதி விற்பனை ஒப்பந்தத்துக்கு முந்தியதாகவும் மாமா பெயரிலும் இருக்கிறதா? வழியில் மழையில் சிமெண்ட் மூட்டை கட்டியாகிவிட்டால் நஷ்டம் யாருக்கு? மாமாவுக்கு என்றால் விற்பனை. பாய்க்கு என்றால் கடன்.

இன்னொரு தடை, கூலி. சிமெண்டை வாங்கி விற்கலாம். கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கலர் ஊற்றுகிறவரின் வாரக் கூலியை அப்படி வாங்கி விற்க முடியாது. அதற்குக் கூட்டு வேண்டும்.

கூட்டில், அதாவது முஷாரக்காவில், மாமா மூன்று லட்சம், பாய் இரண்டு லட்சம். பாய் உழைப்பதால் லாபத்தில் அவருக்கு 60, மாமாவுக்கு 40 என்று பேசிக்கொள்ளலாம். நஷ்டத்தை மட்டும் பேரம் பேச முடியாது. போட்ட முதலின் விகிதம்தான். ஆர்டரில் ஒரு லட்சம் லாபம் வந்தால் மாமாவுக்கு 40,000, மூன்று வழியிலும் இதுதான் அதிகச் செலவு. ஐம்பதாயிரம் நஷ்டம் என்றால் மாமா 30,000 சுமக்கிறார். "மாசம் இவ்வளவு கண்டிப்பாத் தரணும்" என்று மாமா சேர்த்தால் கூட்டு அங்கேயே முறிந்துவிடும்.

என் மனம் கூட்டின் பக்கம்தான். நம் ஊர்க்காரர்கள் பர்மாவில் கொடுத்த கடனை நினைக்கிறேன். 1930களில் நெல் விலை விழுந்தது, கடன் விழவில்லை. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த நிலம் 1938இல் 25 சதவீதமானது. நிலம் கேட்டுப் போனவர்கள் அல்ல. கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் வந்து சேர்ந்தது, பிறகு பறிபோனது. முராபஹாவும் ஒருமுறை விற்று முடிந்ததும் அதே மாதிரி விழாத கடன்தான். விலை விழும்போது சேர்ந்து விழுவது கூட்டு ஒன்றே.

ஆனால் கூட்டுக்குக் கணக்கு வேண்டும். பாய் வீட்டுச் செலவும் பட்டறைக் காசும் ஒரே டப்பாவில். அவர் மனைவி கல்லை எண்ணி அடுக்குகிறார், அதற்குக் கூலி எழுதியதே இல்லை. லாபம் எது என்றே தெரியாத இடத்தில் 40 எதில் 40?

அதனால் இப்படி முடிவானது. இனி வாங்கும் சிமெண்டும் பவுடரும் முராபஹா, பில் மாமா பெயரில். பழைய பவுடர் பாயின் சொந்த முதலாகவே இருக்கட்டும். கூலிக்கு மட்டும், இந்த ஒரு ஆர்டருக்குத் தனி நோட்டோடு சின்னக் கூட்டு. நோட்டின் முதல் வரியாக அவர் மனைவியின் நாள் கூலியை எழுதச் சொன்னேன்.