புளியா, பாலிஷா? பித்தளை விளக்குக்கு எது சரி

திருகோணமலையில் கடற்காற்று படும் வீடுகளில் குத்துவிளக்கு சீக்கிரம் கறுத்துவிடும். அதை மினுக்கி வரவேற்பறையில் வைக்கப் புளி போதுமா, மெட்டல் பாலிஷ் வாங்க வேண்டுமா?

செலவு: புளி எலுமிச்சை அளவு போதும். பாலிஷ் விலை கூட, ஆனால் ஒரு போத்தல் நெடுநாள் வரும்.

கறை: புளி கறுப்பையும் பச்சைக் களிம்பையும் கரைக்கும். பாலிஷ் உராய்ந்து எடுக்கும். அடிக்கடி போட்டால் நுண்ணிய வேலைப்பாடு தேயும்.

நுணுக்கம்: புளியைக் கழுவிவிடலாம். பாலிஷ் விளக்கின் உச்சியிலுள்ள அன்னத்தின் இறகுக் கோடுகளில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும்.

புளியிலும் கவனம் வேண்டும். அம்மம்மாவின் விளக்கை நான் இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் தண்டு செம்பு போலச் சிவந்திருந்தது. அமிலம் மேற்பரப்பின் துத்தநாகத்தை அரித்தால் செம்பு தெரியும். இப்போது கெட்டியாகக் கரைத்துப் பூசி, பத்து நிமிடத்தில் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து வெயிலில் வைக்கிறேன். உப்பு சேர்ப்பதில்லை, இடுக்கில் தங்கினால் பச்சை திரும்பவும் பூக்கும்.

செதுக்கிய மரப்பீடம் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். மரத்துக்கு இரண்டுமே ஆகாது. உலர் தூரிகையால் தூசி தட்டி, மெல்லியதாகத் தேன்மெழுகு தடவினால் போதும். தேங்காயெண்ணெய் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

வேலைப்பாடு நிறைந்த பழைய விளக்குக்குப் புளி. வழுவழுப்பான பித்தளைத் தட்டு, தண்ணீர்ச் செம்புக்குப் பாலிஷ். லாக்கர் என்ற தெளிந்த பூச்சுள்ள புது விளக்குக்கு ஈரத்துணி மட்டும்.